சின்னக் கடையின் வெப்சைட்டுக்கு எஸ்இஓ ஆடிட்: எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது, ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்று, ரிப்பேரும் பார்க்கிற ஒரு கடை. உரிமையாளருக்கு அறுபதை ஒட்டிய வயது. எட்டு மாதம் முன்பு வெப்சைட்டைப் புதிதாகச் செய்திருந்தார். "தம்பி, சைட் பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சர்வீஸுக்குன்னு புது ஆளுங்க கூப்பிடறது குறைஞ்சு போச்சு. ஆனா பாருங்க, நாந்தான் முதல்ல வர்றேன்" என்று தன் ஃபோனில் தேடியும் காட்டினார். உண்மைதான், அவர் கடைதான் முதலில் வந்தது.

அவர் கடைக்குள் நின்று தேடினார், அதனால் வந்தது. உள்ளூர்க் கடைகளைத் தேடும்போது, தேடுகிறவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள தூரத்தையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, அதே ஃபோனில் அவர் தினமும் தன் சைட்டைத் திறந்து பார்க்கிறார். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவருக்கு வேறு பட்டியல்தான் வரும். உரிமையாளர்கள் பலர் நம்மிடம் தாமதமாக வருவதற்கு இந்த ஃபோன் சோதனைதான் காரணம்.

கூகுள் தேடலில் ஒரு சைட் எங்கே சறுக்குகிறது, ஏன் என்று ஆராய்வதுதான் எஸ்இஓ ஆடிட். இந்தக் கடைக்குச் செய்ததையே உதாரணமாக வைத்து, தொடக்கம் முதல் ரிப்போர்ட் வரை சொல்கிறேன். ஐம்பது பக்கத்துக்குள் இருக்கும், ஒன்றிரண்டு கிளை மட்டும் உள்ள வியாபாரங்களுக்கு இது பொருந்தும். ஆயிரக்கணக்கில் பொருள் விற்கும் ஆன்லைன் கடைக்கு வேறு முறை வேண்டும்.

## பணம் பேசும்போதே பேச வேண்டியவை

இந்த அளவு சைட்டுக்கு நான் ₹12,000 வாங்குகிறேன், பாதி முன்பணம். பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலை. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்: ஆய்வு, மூன்று பக்க ரிப்போர்ட், ஒரு மணி நேரம் நேரில் விளக்கம், ஆறு வாரம் கழித்து ஒரு மறுபார்வை. சரிசெய்யும் வேலை இதில் சேராது. அதை அவருடைய டெவலப்பரும் செய்யலாம், என்னிடம் தனியாகவும் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே கட்டணத்தில் கட்டினால், வேலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நாமே குறைகளை ஊதிப் பெருக்க ஆரம்பித்துவிடுவோம். எனக்கு அந்த ஆசை வந்திருக்கிறது, அதனால்தான் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன் என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள். அது நம் கையில் இல்லை.

அடுத்தது அனுமதி. பாஸ்வேர்டு கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். சைட் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் டூலான சர்ச் கன்சோலில் `Settings` → `Users and permissions` போய் நம் மின்னஞ்சலை `Full` பயனராகச் சேர்க்கச் சொன்னால் போதும். மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் மேனேஜராகச் சேர்க்கலாம். வேர்ட்பிரஸ் அட்மின் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. கூடவே ஒரு கேள்வி: டொமைன் யார் கணக்கில் இருக்கிறது? இந்தக் கடையில் சைட் செய்தவரின் கணக்கில் இருந்தது. இது தேடலோடு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, ஆனால் அவரோடு ஒரு மனஸ்தாபம் வந்தால் கடையின் பெயரே கைவிட்டுப் போய்விடும். ரிப்போர்ட்டில் இதற்கும் ஒரு வரி உண்டு.

சர்ச் கன்சோல் கணக்கே இல்லாத கடையும் வரும். அப்படியானால் அன்றே திறந்துவிட்டு, ஆடிட்டைச் சில வாரம் தள்ளிப்போடுவது நேர்மை. புதிதாகச் சேர்த்த சைட்டில் பழைய கணக்கை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கடையில் பழைய சைட் காலத்திலேயே யாரோ இணைத்துவைத்திருந்தார்கள். அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் பதில் அங்கேதான் இருந்தது.

## டூலைத் திறப்பதற்கு முன் பில் புக்கைத் திறங்கள்

முதல் மணி நேரத்தை நான் கம்ப்யூட்டர் முன் செலவழிப்பதில்லை. பணம் எதில் வருகிறது, அந்த வாடிக்கையாளர் எப்படி வருகிறார் என்று கேட்பேன். புது கிரைண்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரில் வந்தோ, சொந்தக்காரர் சொல்லியோ வாங்குகிறார்கள். பெல்ட் அறுந்தது, கல் சுற்றவில்லை, மோட்டார் புகைகிறது என்கிறவர்கள்தான் ஃபோனில் தேடிக் கூப்பிடுகிறார்கள். ஆக, சைட்டில் 34 பக்கம் இருந்தாலும் அதன் மூலம் வருமானம் தருவது சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் பேசும் நான்கு பக்கம்தான். அந்த நான்கின் முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இனி எந்தக் குறை கண்ணில் பட்டாலும் முதல் கேள்வி, அது இந்த நான்கைத் தொடுகிறதா என்பதுதான்.

சர்வீஸ் பில் புக்கையும் எடுத்துவரச் சொன்னேன். பழைய வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஒரு டிக் போடுகிற வழக்கம் வைத்திருந்தார். டிக் இல்லாத பில்கள் எந்த மாதம் முதல் குறைகின்றன என்று இரண்டு பேருமாகப் புரட்டிப் பார்த்தோம். புது சைட் வந்த அடுத்த மாதத்திலிருந்து. இதுவே ஆதாரம் ஆகிவிடாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிட்டது.

## அந்த நான்கு பக்கமும் கூகுளிடம் இருக்கிறதா?

`site:` போட்டுத் தேடி எண்ணிக்கை பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்த எண் துல்லியமானது இல்லை. சர்ச் கன்சோலின் மேலே இருக்கும் `URL Inspection` பெட்டியில் நான்கு முகவரிகளையும் ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். பக்கம் கூகுளில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அதுவே சொல்லும்.

புது சைட்களில் அடிக்கடி மாட்டுவது ஒரு டிக் பாக்ஸ். வேர்ட்பிரஸில் `Settings` → `Reading` பக்கத்தில் `Discourage search engines from indexing this site` என்று இருக்கும். சைட் கட்டும்போது டிக் செய்துவிட்டு, வெளியிடும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் எல்லாப் பக்கத்தின் உள்ளேயும் `noindex` என்ற குறிப்பு இருக்கும்:

```
<meta name='robots' content='noindex, nofollow' />
```

இதைக் கண்டுபிடித்தால் மற்ற ஆய்வெல்லாம் அப்புறம். அன்றே ஃபோன் போட்டுச் சொல்லிவிட வேண்டும், ரிப்போர்ட் வரை காத்திருக்கக் கூடாது. `robots.txt` கோப்பையும் இத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது பக்கத்தைப் படிக்காதே என்கிறது, `noindex` பட்டியலில் சேர்க்காதே என்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால் கூகுள் உள்ளே வந்து படிக்கவே முடியாது, அதனால் `noindex` இருப்பதும் அதற்குத் தெரியாது.

நம் கடையில் இந்தச் சிக்கல் இல்லை. புது சர்வீஸ் பக்கம் கூகுளில் இருந்தது. பிறகு ஏன் ஆள் வரவில்லை?

## போன வருடமும் இந்த வருடமும்

சர்ச் கன்சோலின் `Performance` பகுதி 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடாதீர்கள். கிரைண்டர் வியாபாரத்துக்கு தீபாவளி, பொங்கல் என்று ஏற்ற இறக்கம் உண்டு. தேதி வடிகட்டியில் கடைசி மூன்று மாதத்தை, போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து `Pages` தாவலைப் பாருங்கள்.

மொத்தக் கிளிக் 412-லிருந்து 131 ஆகியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது கதை தெரிந்தது. முகப்புப் பக்கம் 118-லிருந்து 104, பெரிய மாற்றம் இல்லை. சில்லறைப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து 47-லிருந்து 27. ஆனால் `/wet-grinder-service.html` என்ற ஒரே பக்கம் போன வருடம் 247 கிளிக் வாங்கியிருந்தது, இந்த வருடம் பூஜ்யம். சைட்டின் இழப்பில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரு பக்கத்தில்தான்.

முகப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடையின் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள், அதாவது ஏற்கெனவே தெரிந்தவர்கள். சர்வீஸ் பக்கத்துக்கு வந்தவர்கள் `grinder repair coimbatore`, `grinder belt price`, `கிரைண்டர் ரிப்பேர்` என்று தேடிய புது ஆட்கள். உரிமையாளர் சொன்னதும் பில் புக் சொன்னதும் இதேதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. `Queries` தாவலில் வரும் எண்களைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது. மிகக் குறைவான பேர் தேடிய சொற்களைத் தனியுரிமை காரணமாகக் கூகுள் காட்டுவதில்லை. சின்ன சைட்களில் அந்த மறைந்த பகுதி கணிசமாக இருக்கும். அதனால் இழப்பைப் பக்கக் கணக்கில் சொல்லுங்கள். என்ன தேடினார்கள் என்று புரிந்துகொள்ள மட்டும் தேடல் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்.

## பழைய முகவரி எங்கே போகிறது?

உரிமையாளரிடம் அந்தப் பழைய லிங்க்கைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். "திறக்குதுங்களே" என்றார். திறந்தது முகப்புப் பக்கம். பக்கம் இல்லை என்ற செய்தி எங்கும் வரவில்லை, அதனால் எட்டு மாதமாக யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. டெர்மினலில் கேட்டால் உண்மை தெரியும்:

```
curl -I https://example.com/wet-grinder-service.html

HTTP/2 301
location: https://example.com/
```

301 என்றால், இந்தப் பக்கம் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே அந்த வேறு முகவரி முகப்பு. புது சைட்டில் ஒரு பிளகின் போட்டிருந்தார்கள். இல்லாத முகவரி எதுவாக இருந்தாலும் முகப்புக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. கேட்க நல்ல யோசனைபோல இருக்கும். ஆனால் சர்வீஸ் பக்கத்துக்குப் பதில் சம்பந்தமில்லாத முகப்பு வந்தால், கூகுள் அதைப் பக்கம் இடம் மாறியதாக எடுத்துக்கொள்வதில்லை, காணாமல் போனதாகவே வைத்துக்கொள்ளும். சர்ச் கன்சோலின் `Indexing` → `Pages` அறிக்கையில் இவை பெரும்பாலும் `Soft 404` பிரிவில், அதாவது திறந்தாலும் இல்லாத பக்கமாகவே கூகுள் கருதுகிறவற்றின் பட்டியலில், சில நேரம் `Page with redirect` பிரிவில் கிடக்கும். பல வருடம் அந்தப் பழைய முகவரி சேர்த்துவைத்திருந்த பெயர் புதுப் பக்கத்துக்குக் கைமாறவே இல்லை.

ஒரு முகவரியோடு நிறுத்தாமல் எல்லாப் பழைய முகவரிகளையும் சேகரிக்க வேண்டும். `Performance` பகுதியில் 16 மாதத்துக்கான `Pages` பட்டியலை ஏற்றுமதி செய்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். விட்டுப்போனதை `web.archive.org` தளத்தில் பழைய சைட்டைத் திறந்து மெனுவிலிருந்து எடுக்கலாம். இங்கே 22 பழைய முகவரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதே விஷயத்தைப் பேசும் புதுப் பக்கம் எது என்று எழுதினேன். ஏழு பக்கத்துக்கு இணையே இல்லை. நின்றுபோன பழைய மாடல்கள் அவை. அவற்றை முகப்புக்கு அனுப்பாமல், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 ஆகவே விட்டுவிடலாம், அதில் தவறில்லை.

சர்வரில் அப்பாச்சி இருந்தால் `.htaccess` கோப்பில் ஒரு முகவரிக்கு ஒரு வரி:

```
Redirect 301 /wet-grinder-service.html /grinder-service/
```

வேர்ட்பிரஸ் பிளகின் மூலமும் செய்யலாம். முகப்புக்குத் திருப்பும் அந்தப் பிளகினை நிறுத்த மறக்கக் கூடாது. இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம்.

## திருப்பிவிட்டால் போதுமா?

போதாது. புது சர்வீஸ் பக்கத்தைத் திறந்தால் ஒரு அழகான போஸ்டர். கல் மாற்றுதல், பெல்ட், மோட்டார் ரீவைண்டிங், எந்தெந்த ஏரியாவுக்கு வீட்டுக்கே வருவோம் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தது. படத்தைத் தாண்டி உரையாக இருந்தது, சிறந்த சேவையே எங்கள் நோக்கம் என்ற பாணியில் இரண்டு ஆங்கில வரி. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் உரையாக நம்பியிருக்க முடியாது.

இதைச் சோதிக்க எளிய வழி, ஃபோனில் அந்த எழுத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பது. தேர்வாகாவிட்டால் சந்தேகப்படுங்கள். இன்னும் உறுதியாக, `URL Inspection` பக்கத்தில் `View crawled page` தட்டி, வரும் HTML-இல் `belt` என்று தேடுங்கள். நம் கடையின் சர்வீஸ் பக்கத்தில் அந்தச் சொல் ஒரு முறைகூட இல்லை. பெல்ட் விலை தேடி வந்தவர்களைப் பழைய பக்கம் இழுத்தது ஏன் என்று பழைய பக்கத்தைப் பார்த்தால் புரிந்தது. பார்க்க அவலட்சணமாக இருந்தாலும், என்ன பழுதுக்கு என்ன செய்வோம், சுமாராக எவ்வளவு ஆகும் என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தார்கள்.

ஃபோன் எண்ணும் போஸ்டருக்குள்தான். தட்டினால் அழைப்பு போகாது. பேனா எடுத்துக் குறித்துக்கொண்டு கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? எண்ணை `tel:` லிங்க்காக மேலேயே வைப்பது ஐந்து நிமிட வேலை.

பக்கத்தின் டைட்டிலும் வெறும் `Services` என்றிருந்தது. கிரைண்டர் என்றும் இல்லை, கோயம்புத்தூர் என்றும் இல்லை. தமிழில் தேடுகிறவர்கள் கணக்கில் தெரிந்ததால், ஆங்கிலப் பக்கத்துக்குள் நான்கு தமிழ் வரியைச் செருகாமல், தமிழிலேயே தனிப் பக்கம் ஒன்று எழுதச் சொன்னேன். இதை மட்டும் இரண்டாம் கட்டத்தில் வைத்தேன்.

## மேப்பில் வரும் கார்டு

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு அரை மணி நேரம் போதும். முதன்மை வகை `Appliance store` என்று மட்டும் இருந்தது, `Appliance repair service` இரண்டாவது வகையாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை திறந்திருக்கும் கடையை விடுமுறை என்று காட்டியது. எண் பழைய லேண்ட்லைன், அதை எடுக்க ஆள் கிடையாது. மூன்றையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே மாற்றச் சொன்னேன். கடைப் பெயரோடு "பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் கோவை" என்று ஒட்டிவிடலாமா என்று கேட்டார். பலகையில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் ப்ரொஃபைலே முடக்கப்படலாம்.

## வேகத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மதிப்பெண் 38, சிவப்பில். இதைப் பார்த்தால் எந்த உரிமையாளரும் பதறுவார், பல ஆடிட்டர்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வைப்பதும் இதைத்தான். அந்த எண் ஒரு ஆய்வகச் சோதனையின் விளைவு. நிஜமான ஆட்களின் அனுபவம் அதே பக்கத்தின் மேலே தனியாக வரும், ஆனால் வருகை குறைந்த சைட்களுக்குப் பெரும்பாலும் தரவு போதவில்லை என்றே காட்டும். நம் கடைக்கும் அப்படித்தான்.

தரவு கிடைக்கும் சைட்டாக இருந்தால் முக்கியப் பகுதி திரையில் வர 2.5 விநாடிக்குள், தட்டினால் பதில் வர 200 மில்லி விநாடிக்குள் என்பது கூகுளின் நல்ல அளவு. தரவு இல்லாத இடத்தில் நான் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றில் வைஃபை இல்லாமல் திறந்து பார்க்கிறேன். முகப்பில் ஐந்து பெரிய படங்கள் ஓடும் ஸ்லைடர் இழுத்தடித்தது. சர்வீஸ் பக்கம் பரவாயில்லாமல் திறந்தது. ஆள் இழந்தது சர்வீஸ் பக்கத்தில், அதனால் வேகம் மூன்றாம் இடத்துக்குப் போனது.

## நான் ரிப்போர்ட்டில் சேர்க்காதவை

சைட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் குறைகளைப் பட்டியலிடும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் டூலை ஓட்டினேன், இலவசப் பதிப்பே 500 முகவரி வரை பார்க்கும். வேறொரு ஆன்லைன் டூலிலும் போட்டேன், அது 214 குறை என்று எண்ணிக்கை கொடுத்தது. பெரும்பாலானவை படத்துக்கு மாற்று உரை இல்லை, டிஸ்கிரிப்ஷன் நீளம், ஒரே பக்கத்தில் இரண்டு பெரிய தலைப்பு என்ற ரகம். அந்த எண்ணை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் உரிமையாளர் பயந்துபோவார், நமக்கும் வேலை நிறையத் தெரியும். ஆனால் மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசைக்குக் காரணமில்லை என்று கூகுளே சொல்கிறது, மெட்டா கீவேர்டு என்பதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது. நச்சு லிங்க் என்று சிவப்பில் காட்டுவதும் அந்த டூலின் சொந்தக் கணிப்புதான். சர்ச் கன்சோலில் `Manual actions` பக்கம் சுத்தமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

டூல் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஒரே டைட்டில் ஆறு பக்கத்தில் இருந்ததை ஸ்க்ரீமிங் ஃப்ராக்தான் காட்டியது. அது சொல்வதை அந்த நான்கு பக்கத் தாளோடு வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

## எது முதலில்?

ஒவ்வொரு குறைக்கும் மூன்று விஷயம் எழுதுகிறேன். வருமானம் தரும் பக்கத்தைத் தொடுகிறதா? நம்மிடம் ஆதாரம் இருக்கிறதா, ஊகமா? யார் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம்? மதிப்பெண் போட்டுப் பெருக்கும் அட்டவணைகளை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்குப் பிடித்த விடை வரும்வரை எண்களை நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடையில் பழைய முகவரித் திருப்பம் மூன்று கேள்வியிலும் முதலில் வந்தது. 247 கிளிக் என்ற ஆதாரம் இருக்கிறது, டெவலப்பருக்கு இரண்டு மணி நேரம். அடுத்தது சர்வீஸ் பக்க உரையும் ஃபோன் எண்ணும். இதை எழுத உரிமையாளரின் மெக்கானிக் ஒரு மணி நேரம் பேச வேண்டும், அந்த ஆளை உட்காரவைப்பதுதான் கஷ்டம். மூன்றாவது வேகம். வரிசை மாறினால் பலன் குறையும். உரை இல்லாத பக்கத்துக்குத் திருப்பிவிட்டாலும் அது பழைய இடத்தைப் பிடிக்காது. அதனால் முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யச் சொன்னேன்.

## ரிப்போர்ட்

முதல் பக்கம் உரிமையாளருக்கு. அதில் தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட இருக்காது. இரண்டாவதும் மூன்றாவதும் டெவலப்பருக்கு, பழைய முகவரி, புது முகவரி, மாற்ற வேண்டிய டைட்டில் என்று அப்படியே எடுத்துப் போடும்படி. டூல் கொடுத்த நீளமான எக்ஸெல் கேட்டால் மட்டும்.

முதன்முதலில் நான் எழுதிய வாக்கியம் இது: "தளமாற்றத்தின்போது யூஆர்எல் மேப்பிங் செய்யப்படாததால் சாஃப்ட் 404 பிழைகள் உருவாகியுள்ளன." படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி, "அப்படின்னா?" அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கடைசியில் கொடுத்த முதல் பக்கம் இப்படி இருந்தது:

> என்ன நடந்தது: கிரைண்டர் ரிப்பேர் தேடுகிறவர்கள் உங்கள் பழைய சர்வீஸ் பக்கத்தின் வழியாக வந்துகொண்டிருந்தார்கள். போன வருடம் மூன்று மாதத்தில் 247 முறை வந்தார்கள். சைட்டை மாற்றியபோது அந்தப் பக்கத்தின் முகவரி மாறிவிட்டது. கடை இடம் மாறினால் பழைய கதவில் புது முகவரியை ஒட்டுவோம் அல்லவா, அது இங்கே செய்யப்படவில்லை. இந்த வருடம் அதே மூன்று மாதத்தில் யாரும் அந்த வழியாக வரவில்லை.
>
> முதல் வேலை: பழைய 15 முகவரிகளைச் சரியான புதுப் பக்கங்களுக்குத் திருப்புவது. டெவலப்பர், 2 மணி நேரம், இந்த வாரம்.
>
> இரண்டாவது வேலை: சர்வீஸ் பக்கத்தில் என்ன பழுது, என்ன செய்வீர்கள், சுமாராக என்ன செலவு என்று எழுத்தில் போடுவது. தட்டினால் அழைக்கும்படி ஃபோன் எண். உங்கள் மெக்கானிக்கும் நானும், அரை நாள், இந்த வாரம்.
>
> மூன்றாவது வேலை: முகப்பில் ஓடும் படங்களைச் சிறிதாக்குவது. அவசரமில்லை, அடுத்த மாதம்.
>
> தேடலுக்கு வெளியே ஒன்று: டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.
>
> இப்போது செலவு செய்ய வேண்டாதவை: லிங்க் வாங்குவது, புது டிசைன், மாதாந்திர பிளாக்.
>
> எப்படித் தெரிந்துகொள்வோம்: ஆறு வாரம் கழித்து சர்வீஸ் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்போம். பில் புக்கில் டிக் இல்லாத பில்களையும் எண்ணுவோம். பழைய இடம் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

இழந்த தொகை எவ்வளவு என்று அவர் கேட்டார். 247 கிளிக்கில் எத்தனை அழைப்பு, அதில் எத்தனை வேலை என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை. ஒரு சதவீதத்தை நானாகப் போட்டு லட்சத்தில் ஒரு எண் சொல்லியிருக்கலாம், அது ரிப்போர்ட்டை எடுப்பாகக் காட்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து அழைக்கிறவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு பில்லில் எழுதச் சொன்னேன்.

சைட் செய்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் அவர் தவறு என்று எங்கும் எழுதாதீர்கள். திருத்த வேண்டியவர் பெரும்பாலும் அவரேதான். "செய்யப்படவில்லை" என்று எழுதினால் வேலை நடக்கும், "அவர் செய்யவில்லை" என்று எழுதினால் இரண்டு வாரம் வாக்குவாதம் நடக்கும்.

## ஆறு வாரம் கழித்து

திருப்பங்கள் போட்ட அன்றே `curl` ஓட்டி பதினைந்தையும் சரிபார்த்தேன். இரண்டு முகவரி இன்னும் முகப்புக்கே போய்க்கொண்டிருந்தன, பிளகினின் கேஷ்தான் காரணம். அதை அழித்ததும் சரியானது. `URL Inspection` மூலம் புது சர்வீஸ் பக்கத்துக்கு `Request Indexing` கொடுத்தேன். கணக்கு இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் வரும் என்பதால் தினமும் பார்ப்பதில் பயனில்லை.

ஆறாவது வாரம் திறந்தபோது சர்வீஸ் பக்கத்துக்குக் கடைசி 28 நாளில் 38 கிளிக். பழைய வேகத்தில் மாதம் எண்பதுக்கு மேல் இருந்தது, அதில் பாதிகூட இல்லை. `grinder repair coimbatore` தேடலில் சராசரி இடம் 31-லிருந்து 12-க்கு வந்திருந்தது. எட்டு மாத இடைவெளியில் வேறு கடைகள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன என்று அவரிடம் அப்படியே சொன்னேன். பில் புக்கில் அந்த மாதம் டிக் இல்லாத பில் ஒன்பது, அதில் நான்கில் "கூகுள்" என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

போஸ்டரை மட்டும் எடுக்கவிடவில்லை. "அது என் பையன் பண்ணதுங்க தம்பி" என்றார். சரி என்று உரையை மேலே வைத்து, போஸ்டரைச் சுருக்கி அடியில் போட்டோம்.